சுயம்புராஜின் தங்கக் கப்பல்

நகைக்கடை சுயம்புராஜ் மத்தியானத் தூக்கத்தில் கப்பல் கண்டால், மறுநாள் டெல்லி தங்கத்துக்கு வரி ஏற்றிவிடும் என்று கோட்டாறில் ஒரு பேச்சு. இப்படி ஒருவர் இருக்கும்போது நிதித்துறைக்கு அத்தனை அதிகாரிகள் எதற்கு என்று விசாரிக்கப் போனேன்.

ஆறடி அகலக் கடை. சுயம்புராஜ் தராசுக்குப் பக்கத்தில் தலை சாய்த்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சொன்னார்.

“பூதப்பாண்டி வயலுக்க நடுவுல, நாத்து அசையாம கப்பலு வருது மக்கா. மஞ்ச மஞ்சளாக் கட்டி. இறக்குதானுவ, இறக்குதானுவ, தீரல. திருப்பி ஏத்திவிட நம்மகிட்ட அவ்வளவு சரக்கு இல்ல. டாலர ஏத்துதோம். ஏத்த ஏத்த வயல்ல தண்ணி வத்துது.”

கனவில் கணக்கு சரியாகவே இருந்தது. இங்கே வெட்டியெடுக்கும் தங்கம் மிகக் கொஞ்சம். மீதியை டாலர் கொடுத்து வாங்குகிறோம். விற்பதைவிட வாங்குவது மிஞ்சும் பள்ளத்தை அது இன்னும் அகலமாக்குகிறது. டாலருக்கு அடிபிடி, ரூபாய் சரிகிறது. கச்சா எண்ணெயை நிறுத்தினால் பஸ் நின்றுவிடும். தங்கத்தை நிறுத்தினால் கல்யாணம்தான் கொஞ்சம் தள்ளிப்போகும். ஆகவே வரி. விலை ஏறினால் ஆசை இறங்கும் என்று அரசுக்கு ஒரு நம்பிக்கை. ஆசை இறங்காதவர்கள் கடத்தல்காரரைத் தேடுவது வேறு கதை.

“முந்தின நாளே வாங்கிப் போட்டிருக்கலாமே?” என்றேன்.

“கப்பலு வந்துது. கையில ரூவா வரலியே.”

கனவே வரி ஏறிய மறுநாள்தான் வந்தது என்றும் ஒப்புக்கொண்டார். அந்தக் கனவை வரவழைத்தவர் நெய்யூர் நேசபாய் டீச்சர்.

2022 ஜூன் கடைசி நாள், மகள் அபினாவின் கல்யாணத்துக்கு மூன்று சவரன் சங்கிலிக்கு விலை பேசி, நாளை பணத்தோடு வருகிறேன் என்று போனார். சுயம்புராஜும் சரியென்றார். விடிந்தால் அடிப்படை இறக்குமதி வரி ஏழரை சதவீதத்திலிருந்து பன்னிரண்டரை.

“நேத்து சொன்ன ரேட்டுதான?”

“இன்னைக்கு இத வித்தா, இன்னைக்கு வெலைக்குத்தான் நான் திரும்ப வாங்கணும் டீச்சர்.”

“துபாய்ல இருந்து எனக்க மவன் ஷாஜன் அனுப்புன ரூவா இது. நாட்டுக்கு டாலரு கொண்டு வந்தவனுக்கே வரியா?”

“அவன் கொண்டு வாறத நம்ம கழுத்து வழியாத் திரும்ப அனுப்புதோமே.”

“மாப்பிள்ள வீட்டுல மூணு சவரன்னு சொல்லியாச்சு சுயம்பு.”

கொண்டுவந்த பணத்துக்கு இருபத்து மூன்று கிராம்தான் வந்தது. மூன்று சவரனுக்கு ஒரு கிராம் குறைவு. சொன்ன வாக்கா, கடையா என்று சுயம்புராஜ் நெற்றியைத் தேய்த்தார். கடைசியில், “வரி இறங்கட்டும், அந்த ஒரு கிராம் நான் தாரேன்” என்றார். சபையில் யாரும் சங்கிலியை நிறுத்துப் பார்க்கவில்லை. கல்யாணம் நடந்தது.

2024 ஜூலையில், கூடுதல் வரியும் சேர்ந்த மொத்த வரி பதினைந்து சதவீதத்திலிருந்து ஆறாக இறங்கியது. அந்த வாரமே டீச்சர் வந்தார்.

“எனக்க கிராம் எங்க?”

“வரி இறங்கிச்சு டீச்சர். அதுக்குள்ள உலகத்து வெல அதவிட ஏறிப் போச்சே.”

“நீ வரின்னுதான சொன்ன? உலகம்னு சொன்னியா?”

“டீ சொல்லட்டுமா?” என்றார் சுயம்புராஜ்.

“சொல்லு. கிராம்ல கழிச்சிராத.”