அப்பாவின் மாங்காய்ப் போத்தல்

ஊறுகாய்ப் போத்தலுக்குள் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தால், நீங்கள் வழித்துவிட்டுச் சாப்பிடுவீர்களா, வீசுவீர்களா? எங்கள் ஊரான பள்ளிமுனையிலிருந்து அம்மா வாட்ஸப்பில் படம் அனுப்பி என்னிடம் கேட்டது அதைத்தான். கம்பஸில் நான் படிப்பது உணவு விஞ்ஞானம், அதனால் வீட்டுக்கு நான்தான் ஓசி டொக்டர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் அப்பாவுக்கு அந்த உப்புத்தண்ணி மாங்காய் இருந்தால்தான் கஞ்சி இறங்கும்.

மேலேயிருந்து எடுத்த படத்தில், தண்ணீரின்மேல் பாலாடைபோல மெல்லிய, சுருங்கிய வெள்ளைப் படலம் மட்டும் தெரிந்தது. அது ஈஸ்ட் என்றால் பயமில்லை. ஆனால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் பூஞ்சணமும் தட்டையாகத்தான் தெரியும்.

"யன்னலடியில வச்சு, பக்கவாட்டா எடுத்து அனுப்புங்கோ."

"கலியாணப் பொம்பிளைக்கும் இவ்வளவு படம் எடுக்கேல்லையடா," என்றார் அம்மா.

அடுத்த படத்தில், தண்ணீருக்கு வெளியே மிதந்த ஒரு துண்டில் பஞ்சுபோல் எழும்பி நின்றது, நடுவில் பச்சை. பூஞ்சணமேதான். துண்டுகளைத் தண்ணீருக்குள் அமுக்கி வைக்கும் கல்லையும் காணவில்லை. அப்பாவுக்குத் துண்டு எடுத்தவர் திரும்ப வைக்க மறந்திருக்கிறார்.

"அந்தத் துண்டை மட்டும் எறியட்டே?"

"இல்லையம்மா, முழுக்கக் கொட்டுங்கோ. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்கும் இறங்கியிருக்கும். அப்பான்ர உடம்பு இப்ப தாங்காது."

"அவர் வேற ஒண்டும் தின்னமாட்டாரடா."

சொல்லிவிட்டுக் கொட்டினார். பிறகு அவர் அனுப்பிய படத்தில், அப்பாவின் கஞ்சி மேசையில் தொடாமல் ஆறிக் கிடக்கிறது.