கழுத்துக்கு ஓய்வு எழுதாத அட்டவணைக்காரர்

பஸ் டிப்போவில் கால அட்டவணை போடும் அந்த மனிதரை எல்லோரும் அட்டவணைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நிமிஷம் பிசகினால் அவருக்கு ஆகாது. அப்பேர்ப்பட்டவருக்கு நாலு மாதமாக ஒரு தலைவலி. வலது பிடரியில் கிளம்பி கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் எட்டிப் பார்க்காது. லேப்டாப் முன்னால் குனிந்தபடி மதியம் தாண்டினால் டாணென்று வந்து நிற்கும். மூக்குக்கண்ணாடியை மாற்றினார். தைலம் தடவித் தடவி ஆபீஸையே மணக்க வைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

மூளையில் கட்டிதான் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். பயத்தில் தூக்கம் போயிற்று. தலைவலி என்பதற்கு மேல் மனைவியிடம் மூச்சுவிடவில்லை. தான் போன பிறகு வீடு தடுமாறக்கூடாதே என்று, அவளுக்காக 'எனக்குப் பிறகு' என்று தலைப்பிட்டு வீட்டு வேலைகளுக்கு மணிவாரியாக ஒரு அட்டவணை எழுதி அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

கடைசியில் டாக்டரிடம் போனார். டாக்டர் பார்வை, கைகால் பலம், ரத்த அழுத்தம் எல்லாம் சோதித்துவிட்டு பிசியோதெரபிக்கு அனுப்பினார். மனைவியும் கூடவே போனாள். அங்கிருந்த பெண் தலையைத் திருப்பச் சொன்னாள். இடப்பக்கம் தாராளமாகப் போனது, வலப்பக்கம் பாதியிலேயே நின்றது. பிறகு மண்டைக்குக் கீழே, பிடரியின் வலது ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினாள்.

"ஐயோ! அதேதாம்மா! கண்ணு வரைக்கும் போகுது!"

"கழுத்தோட மேல் மூட்டு சார் இது. இந்த மூட்டு நரம்பும் முகத்து நரம்பும் உள்ளே ஒரே இடத்துலதான் போய்ச் சேருது. அதனால இங்க வலிச்சா அங்க வலிக்கிற மாதிரி இருக்கும். தலைய முன்னால நீட்டிட்டே உக்காந்தா மூட்டு என்ன செய்யும், பாவம்? டாக்டர் பாத்ததுலயும் பயப்பட ஒண்ணும் இல்ல. ஆமா, டிரைவருக்கு எப்பப்போ ஓய்வு போடுவீங்க?"

"ஒவ்வொரு டிரிப்புக்கும் பத்து நிமிஷம். கண்டிப்பா!"

"உங்களுக்கு?"



மறுநாள் பழைய அட்டவணைக் கட்டுகளின் மேல் லேப்டாப் ஏறி, திரை கண்மட்டத்துக்கு வந்தது. தனிக் கீபோர்டு வந்தது. ஆபீஸிலும் வீட்டிலும் போனில் அரைமணிக்கொரு அலாரம். எழுந்து நடந்து, முகவாயை உள்ளே இழுத்து, கழுத்தை மெல்லத் திருப்ப வேண்டும். வலி உடனே ஓடிவிடவில்லை. வாரக்கணக்கில், முனகிக்கொண்டே குறைந்தது.

ஒரு சாயங்காலம் அவர் கழுத்துக்கு ஒத்தடம் கொடுக்கத் துண்டு எடுக்கப்போன மனைவியின் கையில் அந்தத் தாள் சிக்கியது. நின்றபடியே படித்தாள். கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்தாள்.

"ஏங்க, இதுல எழுதியிருக்கிற சமையல் இப்பவும் நான், துணி நான், கடைக்கு நான். நீங்க போனதுக்கப்புறம் எனக்குப் புதுசா வர்ற வேலை ஒண்ணே ஒண்ணுதான். ராத்திரி கதவு பூட்டுறது!"

அலாரம் அடித்தது.

"எழுந்திரிங்க. நடக்கணும்ல? கொடியில துணி காயுது, எடுத்துட்டு வாங்க. இதுக்காகவா இத்தன நாள் தனியா பயந்து செத்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

அவர் எழுந்து துணி எடுக்கப் போனார்.