இரண்டு பேருக்கும் ஒரே தப்பு

பாலக்கரையில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டினால் ஒரு தனியார் கல்லூரி வரும். அங்கே கணினித் துறையில் பாடம் எடுக்கிறவள் டெல்பின். பல வருஷமாக எடுக்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவள் போல ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பற்றி அவள் குறைப்பட்டதில்லை. குறைப்படுகிற வேலையைத் தம்பி பிரிட்டோ பார்த்துக்கொண்டான். "உன்ன மாதிரி ஏமாந்த சோணகிரிய நான் பார்த்ததே இல்ல" என்று திட்டிக்கொண்டேதான் காலையில் அவளை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுவான்.

அப்பா அம்மா போனபின் அந்த வீட்டில் அக்காவும் தம்பியும்தான். கல்யாணம் பற்றி யாராவது பேச்செடுத்தால் அக்கா தம்பியைக் கைகாட்டுவாள், தம்பி அக்காவைக் கைகாட்டுவான். கேட்டவர்கள் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஆகஸ்டில் ஒருநாள், கைலாசபுரம் தொழிற்சாலைக்கு ஷிப்ட் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்த பிரிட்டோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவ்வளவுதான். நாற்பது வயது கூட ஆகவில்லை.

வந்தவர்களெல்லாம் அழுதார்கள். டெல்பினுக்கு மட்டும் அழுகை வரவில்லை. பெட்டிக்கு அளவு கேட்டவருக்குப் பதில் சொன்னாள், ஃபாதரிடம் நேரம் பேசினாள், காபி போதுமா என்று பார்த்தாள். "கல் நெஞ்சுக்காரிடி" என்று பெரியம்மா ஒருத்தி சமையலறையில் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். கோபம் கூட வரவில்லை.

அடக்கம் முடிந்து, அடுத்து வந்த திங்கட்கிழமையே கல்லூரிக்குப் போய்விட்டாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? அன்றிலிருந்து நாட்கள் கடனே என்று போயின. சோற்றுக்கு உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தின்றாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் டோல்கேட்டிலிருந்து திரும்பி நடந்தாள். வகுப்பு எடுத்தாள். என்ன எடுத்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த நாட்களில் கொடுத்த அசைன்மென்ட்தான் இது. முன்னாள் மாணவர்களின் முகவரிக் கோப்பு ஒன்றைப் படித்து, எது ஒழுங்கான ஈமெயில், எது ஒழுங்கான மொபைல் நம்பர் என்று பிரித்துக் காட்டும் பைத்தான் நிரல். அதற்கு ஒரு வடிவம் எழுத வேண்டும். மொபைல் என்றால் முதல் இலக்கம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ஒன்று, அதன்பின் ஒன்பது இலக்கங்கள், முன்னும் பின்னும் வேறெதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. ஈமெயிலுக்கு நடுவில் ஒரு @, அதன்பின் பெயர், புள்ளி, முடிவு. கேட்டால் எளிது. எழுதினால் தெரியும் சேதி.

பிள்ளைகள் இதையெல்லாம் எங்கிருந்து எடுப்பார்கள் என்று டெல்பினுக்குத் தெரியும். இணையத்தில் கேட்டால் ஒரு நொடியில் பத்து வடிவம் வந்து விழும். எல்லாம் சரியாகவும் இருக்கும். இருந்தாலும் அவள் நல்ல வரிகளோடு குப்பை வரிகளையும் கலந்து ஒரு சோதனைக் கோப்பு வைத்திருந்தாள். பதினோரு இலக்க நம்பர், 0431 என்று தொடங்கும் லேண்ட்லைன், முதல் இலக்கம் போய் அந்த இடத்தில் ஒரு நெட்டுக்கோடு ஒட்டிக்கொண்ட நம்பர், புள்ளிக்குப் பதில் x விழுந்த ஈமெயில். எல்லோருடைய நிரலையும் அதன்மேல் ஓட்டினாள்.

வகுப்பு முழுக்கத் தேறியது. இரண்டு பேர் மட்டும் வழுக்கினார்கள். பாலக்கரை ஹாலித், ஸ்ரீரங்கம் வைஷ்ணவி. இரண்டு பேருக்கும் ஒரே வரிகளில், ஒரே தப்பு.

முதல் இலக்கத்துக்கு `[6-9]` என்று எழுதினால் போதும். இவர்கள் `[6|7|8|9]` என்று எழுதியிருந்தார்கள். சதுர அடைப்புக்குள் இருக்கிற ஒவ்வொரு குறியும் தனித்தனியாக அனுமதிக்கப்பட்ட குறி. அங்கே 'அல்லது' என்பதற்கு வேலையே கிடையாது. அல்லது என்று நினைத்து நெட்டுக்கோட்டைப் போட்டால், அந்தக் கோடும் ஓர் இலக்கம் போல உள்ளே நுழைந்துவிடும். ஈமெயிலில் புள்ளிக்கு முன்னால் போட வேண்டிய சாய்கோட்டைப் போடவில்லை. சாய்கோடு இல்லாத புள்ளி எந்தக் குறியையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் gmailxcom நல்ல பிள்ளையாகத் தேறிவிட்டது.

சரியான விடை ஒன்றுபோல இருந்தால் அதில் குற்றம் சொல்ல முடியாது. தப்பு ஒன்றுபோல இருந்தால் அது ஈ அடிச்சான் காப்பிதான். அதுவும் இரண்டு தப்பு! துறையின் விதிப்படி, பார்த்து எழுதியவருக்கும் காட்டியவருக்கும் பூஜ்யம். செய்முறையில் பூஜ்யம் வாங்கியவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது. சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் அந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

துறைத்தலைவர் ஜெபராஜ் அறைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். டெல்பினும் நின்றாள்.

"யார் யாரைப் பார்த்து எழுதுனீங்க? உண்மையச் சொன்னா ஒருத்தருக்காவது விதியத் தளர்த்தலாம்" என்றார் ஜெபராஜ்.

"காப்பி அடிக்கல சார்" என்றான் ஹாலித்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு எங்கேர்ந்து வந்துச்சு? ஆகாசத்துலேர்ந்தா?"

ஹாலித் வைஷ்ணவியைப் பார்த்தான். வைஷ்ணவி டெல்பினைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியல சார்" என்றாள்.

"மேம், நீங்க என்ன சொல்றீங்க?"

"விதிப்படி செஞ்சிடலாங்க சார்" என்றாள் டெல்பின். பிள்ளைகளின் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். பாவம் என்று தோன்ற வேண்டும் என்பது தெரிந்தது. தோன்றவில்லை. ஈரத்துணியை முகத்தில் போட்டு மூடியது போல எல்லாமே அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது.

அறிக்கையோடு இரண்டு நிரல்களையும் அச்செடுத்து இணைக்க வேண்டும். மதியம் பிரிண்டர் அருகே நின்றபடி தாள்களை அடுக்கினாள். அதுவரை அவள் அந்த நிரல்களை முழுதாகப் படித்ததில்லை. ஓட்டிப் பார்த்தாள், தப்பைப் பார்த்தாள், அத்தோடு சரி. ஹாலித் எல்லாவற்றையும் ஒரே பகுதிக்குள் திணித்திருந்தான். வைஷ்ணவி அழகாகச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதியிருந்தாள். பார்த்து எழுதியவர்கள் செய்கிற காரியமே இல்லை. கடைசித் தாளின் அடியில், நிரல் வேலை செய்கிறதா என்று முயன்று பார்க்க ஆளுக்கு இரண்டு வரி வைத்திருந்தார்கள். ஓர் ஈமெயில், ஒரு மொபைல் நம்பர்.

ஈமெயில் brito என்று தொடங்கியது. நம்பர் தொண்ணூற்று நாலில் தொடங்கியது.

அதற்கு மேல் அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை. கேஸ் புக்கிங், வங்கி, ஆஸ்பத்திரி, யார் நம்பர் கேட்டாலும் அவள் வாயில் வருவது அந்த நம்பர்தான். தன்னுடைய நம்பர் அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம் கிடையாது.

இந்த நம்பர் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்தத் திங்கட்கிழமை அவள் பலகையில் எழுதியிருக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு நம்பர் தேவைப்பட்டபோது கை தானாக எழுதியிருக்கிறது. அந்தக் கைதான் அடைப்புக்குள் நெட்டுக்கோடுகளையும் போட்டிருக்கிறது. அதே கைதான் புள்ளிக்கு முன் சாய்கோட்டையும் விட்டிருக்கிறது. அன்றைக்கு என்ன பேசினாள், என்ன எழுதினாள், ஒன்றும் நினைவில்லை. எவ்வளவு தோண்டினாலும் வெறும் வெள்ளையாக இருந்தது.

மற்ற எல்லோரும் இணையத்திலிருந்து சுட்டுச் சரியாக எழுதியிருக்கிறார்கள். தான் சொன்னதைக் கேட்டு எழுதிய இரண்டே பேரைத்தான் திருடர்கள் என்று நிறுத்தியிருக்கிறோம் என்பது அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஒன்று வலித்தது.

தாள்களோடு ஜெபராஜ் அறைக்குப் போனாள்.

"சார், தப்பு என்னுதுங்க. நான்தான் போர்டுல தப்பா எழுதிப் போட்டிருக்கேன். பிள்ளைங்க அத நம்பி எழுதியிருக்காங்க."

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க அப்படிச் சொல்றாங்களா?"

"அவங்க சொல்லலங்க சார். இதுல இருக்கு. இது என் தம்பி நம்பர்."

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிரிட்டோ அடக்கத்துக்கு வந்திருந்த மனிதர்தான்.

"மேம், பேசாம சிஸ்டம் கோளாறுன்னு எழுதிடுவோம். ஆசிரியர் பிழைன்னு ஃபைல்ல போச்சுன்னா ஜூன்ல அத எடுத்து வச்சுப் பேசுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வேணாங்க சார். காப்பின்னு ரெண்டு பேர் பேரைச் சொல்லியாச்சு. கோளாறுன்னு எழுதினா அது அப்படியே நிக்கும். தப்பு யார்மேலங்கறது எழுத்துல இருக்கட்டும்."

அவரே பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவள் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பூஜ்யம் நீங்கியது. வெள்ளிக்கிழமை பட்டியலில் இரண்டு பெயரும் திரும்ப ஏறின. ஜூனில் என்ன ஆகுமோ, அது ஜூன் பாடு.

மறுநாள் ஆய்வகத்தில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னாள். "ஹாலித், வைஷ்ணவி, ரெண்டு பேரும் காப்பி அடிக்கல. நான் போர்டுல தப்பா எழுதினதை எழுதியிருக்காங்க. என்னை மன்னிச்சிடுங்கப்பா."

விசைப்பலகைகள் நின்றுவிட்டன. டெல்பின் வைஷ்ணவியைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த ரூம்லயே சொல்லியிருக்கலாம்ல? மேம்தான் எழுதிப் போட்டாங்கன்னு ஒரு வார்த்தை. வேலையே போயிருக்குமேம்மா உங்களுக்கு. ஏன் சொல்லல?"

வைஷ்ணவி எழுந்து நின்றாள். ஹாலித்தைப் பார்த்தாள். பக்கத்து வரிசையிலிருந்து ஹாலித், "சொல்லு" என்றான் மெதுவாக.

"அன்னிக்கு நீங்க வருவீங்கன்னு யாருமே நெனைக்கல மேம். வந்து பிரிட்டோ சார் மெயிலையும் நம்பரையும் எழுதினீங்க. அடக்கத்துக்கு வந்திருந்தோம்ல, அது அவரோடதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுது. தப்புன்னும் தெரிஞ்சுது மேம், அந்த கோடு. அழுவீங்கன்னு பயந்தோம். நீங்க அழல. எழுதிட்டே இருந்தீங்க. யாராவது கை தூக்கித் தப்புன்னு சொன்னா நிறுத்திடுவீங்களோன்னு, நாங்களும் எழுதிட்டே இருந்தோம்."

"தெரிஞ்சும் ஏன்மா அதையே எழுதிக் கொடுத்தீங்க?"

"நீங்க போட்டத அழிக்க மனசு வரல மேம்."

டெல்பின் பலகைப் பக்கம் திரும்பினாள். சரியான வடிவத்தை எழுதிவிடலாம் என்று மார்க்கரை எடுத்தாள். சதுர அடைப்பைத் திறந்து, ஆறு போட்டு, ஒரு சிறு கோடு இழுத்து, ஒன்பது போட்டு மூடினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. சமையலறையில் வராதது, கல்லறைத் தோட்டத்தில் வராதது, முப்பதாம் நாள் பூசையில் முன்வரிசையில் நின்றும் வராதது, அங்கே அத்தனை பிள்ளைகளுக்கும் முதுகைக் காட்டி நின்றபோது வந்தது. தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதாள்.

பின்னால் இந்த முறை யாரும் எழுதவில்லை.