எண்பத்து நாலு டிகிரி மூலை

திருமுல்கேரியிலிருந்து பஸ் பிடித்து வரும் ஐவிக்கு அந்த அரசாங்கத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் ஒன்பது வருஷ சர்வீஸ். அடுத்தவர் வரைந்ததை நகலெடுக்கும் டிரேசர் வேலையிலிருந்து டிராஃப்ட்ஸ்மேன் ஆகும் நேர்காணல், எழுபத்து நாலாம் வருஷம், ஒரு புதன்கிழமைக்குக் குறித்திருந்தது.

அதற்கு முந்தின திங்களன்றுதான் செய்தி வந்தது. தகடு வெட்டும் அய்யாக்கண்ணுவுக்கு மெமோ! அவர் வெட்டிய அளவுத் தகட்டின் மூலையில் விரல் தட்டுகிறதாம். அரம் பிடிக்கத் தெரியவில்லையாம். இருபத்தைந்து வருஷம் அரம் பிடித்த மனுஷனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

டிராஃப்ட்ஸ்மேன் லீவில் இருந்ததால் அந்தத் தகட்டின் படத்தை ஐவியே வரைந்திருந்தாள். முழு அளவில் வரைந்த அதன் பிரிண்டைத் தகட்டின் மேல் ஒட்டித்தான் அவர் வெட்டியிருந்தார். படத்தை எடுத்து விரித்தாள்.

இரண்டு நேர்கோடுகள் சேரும் கூர்மூலையை இருபது மில்லிமீட்டர் ஆரத்தில் வளைக்க வேண்டும். சரியான வழி, இரண்டு கோட்டுக்கும் உள்பக்கமாக இருபது தள்ளி இணைகோடுகள் போடுவது. அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம். அங்கிருந்து இரண்டு கோட்டுக்கும் செங்குத்து இறக்கினால், வில் தொடங்கும் இடமும் முடியும் இடமும் கிடைக்கும். சதுர மூலைக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. மூலையிலிருந்தே இரண்டு பக்கமும் இருபது அளந்து, அந்தப் புள்ளிகளில் காம்பஸை ஊன்றி மையம் பிடித்துவிடலாம். ஐவியின் கை அதிலேயே ஊறிப்போயிருந்தது. இந்த மூலையோ எண்பத்து நாலு டிகிரி. பார்வைக்குச் சதுரம் மாதிரியே இருந்து ஏமாற்றியது. வில் மூலையிலிருந்து இருபத்திரண்டு மில்லிக்கும் சற்றுத் தள்ளித் தொடங்கியிருக்க வேண்டும். அவள் இருபதிலேயே தொடங்கியதால் வில் கோட்டைத் தழுவாமல் லேசாக முட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தப்பிய அது விரலுக்குத் தப்பவில்லை.

அவமானத்தில் முகம் சுட்டது. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மெமோ அய்யாக்கண்ணுவின் தலையில் விழும். படத்தைச் சுருட்டிக்கொண்டு செக்‌ஷன் ஆபீசர் லக்ஷ்மிநாராயணனிடம் போனாள்.

“தப்பு என்னுது சார். அவரு கோட்டு மேலதான் வெட்டியிருக்காரு.”

“நாளன்னிக்கு இன்டர்வியூ. இப்ப எதுக்கும்மா இந்த வம்பு?”

“எழுதியே தர்றேன் சார்.”

தந்தாள். மெமோ ரத்தாயிற்று. நேர்காணல் பட்டியலிலிருந்து அவள் பெயரும் போயிற்று. பாத்ரூமில் போய் அழுதாள். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் கேட்டருகே அய்யாக்கண்ணுவைப் பார்த்தாள்.

“வெட்டும்போது உங்களுக்குத் தெரியலியாண்ணே?”

“தெரிஞ்சுதும்மா. வெட்டுறதுக்கு முந்தியே மூலை சரியில்லேன்னு சீட்டு எழுதி மேல அனுப்புனேன். டிராயிங் ஆபீசு தப்பு பண்ணாதுன்னு ஒத்த வரி எழுதித் திரும்பி வந்துச்சு.”

“யாரு எழுதுனது?”

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.

கையெழுத்து ஐவியுடையது. படத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எழுதி, அவளே மறந்துபோன வரி.