மைனஸ் ஏறக்கூடாத வீடு

என் கண்ணாடி பவர் மைனஸ் பதினொன்று. வலது கண்ணில் விழித்திரை கிழிந்து லேசர் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். குளிக்கப் போனால் சோப்பைத் தடவித்தான் கண்டுபிடிப்பேன். அதனால், என் மகளுக்கு ஒரே வருஷத்தில் மைனஸ் ஒன்று மைனஸ் இரண்டானபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்கு அப்போது எட்டு வயது.

வேலைக்காகத் தெலுங்குப் பக்கம் வந்து குடியிருக்கிறோம். கொண்டாப்பூரில் நாங்கள் காட்டும் கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் அம்மா ஒரு புதுக் கண்ணாடியை எழுதித் தந்தார். லென்ஸின் நடுவில் வட்டமாக ஓர் இடம் சாதாரணக் கண்ணாடி. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான குட்டி லென்ஸ்கள். விளக்கைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். நடுவழியே பார்த்தால் பார்வை தெளிவு. அதே நேரம் குட்டி லென்ஸ்கள் கொஞ்சம் வெளிச்சத்தை விழித்திரைக்கு முன்னாலேயே குவித்துவிடும். அந்த மங்கல்தான் கண்ணிடம் 'இன்னும் நீளாதே' என்று சொல்கிறதாம். கண் நீள நீளத்தான் மைனஸ் ஏறுகிறது. தூங்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும், தினமும் வெளியில் விளையாட வேண்டும் என்றார்.

நான் சாஃப்ட்வேரில் டெஸ்டிங் பார்ப்பவன். எதைக் கொடுத்தாலும் சோதித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. நெட்டிலிருந்து எழுத்துச் சார்ட் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து ஹால் சுவரில் ஒட்டினேன். ஞாயிறுதோறும் இட்லி சாப்பிட்டு முடித்ததும் அவளைக் கண்ணாடியோடு, தரையில் நான் போட்டிருந்த கோட்டில் நிறுத்தி, "எங்க, கடைசி வரி படி கண்ணு" என்பேன். கடகடவென்று படிப்பாள். எனக்குப் பெருமை தாங்காது. ஆறாம் மாதம் செக்கப்புக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம், பவர் ஏறவில்லை என்று அவர்களுக்கே பாடம் நடத்தினேன்.

வருஷம் முடிந்துதான் கூட்டிப்போனேன். இருட்டு அறையில் திரையில் எழுத்துகள் வந்தன. போட்டிருந்த கண்ணாடியோடே படிக்கச் சொன்னார்கள். முதல் சில வரிகளைச் சரியாகப் படித்தாள். அப்புறம் தயங்கினாள். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மளமளவென்று சொன்னாள். திரையில் இருந்த எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. எங்கள் ஹால் சுவர்ச் சார்ட்டின் கடைசி வரியை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிய இரண்டு நிமிடம் பிடித்தது. அந்த அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தெலுங்கில் அவளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் குனிந்துகொண்டே, "அப்பா வில் கெட் ஸ்கேர்டு" என்றாள்.

பவர் மைனஸ் இரண்டரை ஆகியிருந்தது. எத்தனை மாதமாகக் கரும்பலகை மங்கித் தெரிந்ததோ, அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கண்ணின் நீளத்தையும் அளந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி, அப்ப இந்த லென்ஸ் வேலை செய்யலையா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"சார், இது நிறுத்தாது. மெதுவாக்கும், அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா ஆங்கிலத்தில். போன வருஷம் ஒன்று ஏறியது, இந்த வருஷம் அரை. பொதுவாக வேகம் பாதியளவு குறையும், சில பிள்ளைகளுக்கு அவ்வளவுகூடக் குறையாது. ஏறியது இறங்காது. இது போடாவிட்டால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கேட்டேன். வயது ஏறினாலே வேகம் கொஞ்சம் தணியும், ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு அதை யாரும் சொல்ல முடியாது என்றார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நல்லதா கெட்டதா என்று சொல்ல என்னிடம் எந்த அளவுகோலும் இல்லை. இன்னும் பல வருஷம், கண் வளர்ந்து முடியும்வரை, இப்படியே காத்திருக்க வேண்டும். விட்டுவிடவும் பயம். நம்பி நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. எங்கள் பன்னிரண்டாவது மாடி வீட்டுக்கு ஏறும் லிஃப்டுக்குள் அவளோடு நிற்கும்போது, இந்தப் பயத்துக்குள்ளேயே இவளும் என்னோடு ஒரு வருஷமாக நின்றிருக்கிறாள் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் சார்ட்டைக் கிழித்தேன். டேப்போடு சுவர் பெயிண்டும் உரிந்து வந்தது. அவள் பையைக் கழற்றாமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் எப்படிப்பா உங்களுக்குத் தெரியும்?"

"தெரியாது கண்ணு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா அவங்க பார்த்துச் சொல்வாங்க. ஏறுனா ஏறட்டும். நீ தப்பு ஒண்ணும் பண்ணலை."

பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அப்படின்னா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாமா?"

சொல்லலாம் என்றேன். உடனே எதிர்ச் சுவர் காலண்டரைக் காட்டி, அதில் இருக்கும் சின்ன எழுத்து எதுவும் தெரியவில்லை என்றாள்.