வீட்டுக்காரம்மா காது கொடுத்த மெஷின்

திருப்பூரில் எங்கள் வாடகை வீட்டோடு வாஷிங் மெஷினும் இருந்தது. துணி பிழியும்போது அது லாரிபோல் இரைந்தது. வெள்ளைச் சட்டைகளில் துருக்கறை வேறு. பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்டு, எல்லா விவரமும் எழுதி, வீட்டுக்காரம்மாவுக்குக் கடிதம் கொடுத்தேன்.

அவர் சாயப்பட்டறை நடத்துபவர். யாரையாவது அனுப்புவார் என்று நினைத்தேன். மறுநாள் கடிதத்தோடு அவரே வந்தார். சுவிட்சை அணைத்து, மெஷின் கதவைத் திறந்து, காலி டிரம்மைக் கையால் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அதன் விளிம்பைத் தூக்கி ஆட்டினார்.

"சீல் தேஞ்சு தண்ணி எறங்கி, டிரம் சுத்தற பேரிங் துருப்புடிச்சுப் போயிருச்சுங்க. கறையும் அதுலதான்."

"பேரிங் மட்டும் மாத்த முடியுங்களா?"

"இந்த மாடல்ல பேரிங் இருக்கற தொட்டிய ஒட்டியே விட்டிருக்கறாங்க, பிரிக்க முடியாதுங்க. புதுசே வெச்சுத் தர்றேனுங்க."

"கேட்டதுமே எப்படிங்க தெரிஞ்சுது?"

"முப்பது வருசமா பட்டறை மெஷினுகள்ல இந்தச் சத்தத்தத்தானுங்க கேட்டுட்டிருக்கறேன்."

இரண்டு நாளில் புது மெஷின் வந்தது. பொருத்த வந்தவர் பழையதன் பின்மூடியைக் கழற்றினார். தொட்டியின் நடுவில், பேரிங் இருக்கும் இடத்திலிருந்து துருநீர் கோடாக இறங்கியிருந்தது. வீட்டுக்காரம்மா காதால் கண்டுபிடித்ததை நான் குனிந்து கண்ணால் பார்த்தேன்.