முதல் பட்டதாரியும் ஒரு கையெழுத்தும்

பெண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வருமானச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப்புக்கு பேங்கில் ஆதார் இணைப்பு. எதிரே வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம். எது எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி.

எல்லாம் நகர்ந்தன, முதல் பட்டதாரி மட்டும் வி.ஏ.ஓ. கட்டத்திலேயே உட்கார்ந்திருந்தது. அது இல்லாவிட்டால் கட்டணச் சலுகை கிடையாது. சலுகை இல்லாமல் காலேஜ் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பதிவேற்றத் திங்கட்கிழமை கடைசி நாள்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். குறுவை நடவு நேரம், வாசலில் பயிர்க் கணக்கு அடங்கல் கேட்டு ஒரே கூட்டம். நான் உள்ளே போய் வி.ஏ.ஓ.வைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"ஏங்க சார், எத்தனை தடவைதான் நடக்கறது? பிள்ளை படிக்க வேணாமா?"

அவர் நிதானமாகத்தான் சொன்னார். "அம்மா, அது எங்கிட்ட இல்ல. வீட்ல யாரும் டிகிரி படிக்கலன்னு அப்பா கையெழுத்துப் போட்டு உறுதிமொழி வேணும்னு திருப்பி அனுப்பிட்டேன். அந்த ஃபாரத்தையும் போன வாரமே டீக்கடையில சார் கையிலயே குடுத்தேனே."

திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் சுவரிலிருந்த பட்டா மாறுதல் நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆபீசுக்குக் கட்டம் போட்ட நான் எங்கள் வீட்டுக்கு ஒன்று போடவில்லை. எனக்கு மானமே போயிற்று.

"எங்கங்க அது?"

சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார். மடிப்பில் மஞ்சள் தடவியிருந்தது. "குடுத்த அன்னிக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. அப்புறம் செவ்வாக்கிழமை. நேத்து உங்க அண்ணன் வந்துட்டாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் அடகுக்கும் ஜாமீனுக்கும்தான். நல்ல காரியத்துக்கு இதுதான் முதல். என் கையால கெட்டுப் போயிடக் கூடாதேன்னு பாத்தேன்."

தாளை வாங்கி மேசைமேல் வைத்து மடிப்பை நீவிவிட்டேன்.

"இப்பவே போடுங்க. பக்கத்து இ-சேவையில ஏத்திட்டு வாங்க, நான் உடனே பாத்துடறேன். ஆர்.ஐ.க்கும் சொல்லிடறேன்" என்றார் வி.ஏ.ஓ.

வீட்டுக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "மணி என்ன?"

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை, சுத்தமான ராகுகாலம். நான் நகர்ந்து கடிகாரத்தை மறைத்து நின்றுகொண்டேன்.

"பத்துதான் ஆகுது. போடுங்க."

நிறுத்தி நிதானமாகப் போட்டார். திங்கட்கிழமை மத்தியானம் சான்றிதழ் வந்துவிட்டது. பார்த்துப் பார்த்து நல்ல நேரத்தில் போட்ட கையெழுத்து என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் ஆமாம் போடுகிறேன்.